ஆங்கிலத்தில் ஈச், எவ்ரி, நன் வந்தால் ஏன் ஒருமை வினை போட வேண்டும்? பல பேரைப் பற்றித்தானே பேசுகிறோம்?

பேர் பலர்தான். ஆனால் ஈச், எவ்ரி இரண்டும் அந்தக் கூட்டத்தைப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் காட்டுகிற சொற்கள். வினை அந்த ஒருவருக்குத்தான் இசைகிறது. தமிழிலும் ‘ஒவ்வொரு மாணவனும் வந்தான்’ என்றுதான் சொல்கிறோம். அதனால் ‘எவ்ரி பாய் ஹேஸ் எ புக்’ என்பதில் பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாற்றம் ‘ஆஃப்’ வரும்போது தொடங்குகிறது. ‘ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹேவ் எ புக்’ என்று எழுதிவிடுகிறோம். வினையை ஒட்டி நிற்கும் பாய்ஸ் என்ற பன்மை அதைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. நம் பேச்சுப் பழக்கமும் இதற்குத் துணை போகிறது: ‘மாணவர்களில் ஒவ்வொருவரும் வைத்திருக்கிறார்கள்’ என்று பன்மையில் முடிப்பது நமக்குச் சகஜம். சரிபார்க்க, ‘ஆஃப் த பாய்ஸ்’ என்ற துண்டை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மிஞ்சுவது ஈச் மட்டும். அதற்கு ஹேஸ்தான் பொருந்தும். எவ்ரிக்குப் பின் ஆஃப் நேராக வராது, ‘எவ்ரி ஒன் ஆஃப் த பாய்ஸ்’ என்றுதான் வரும். அங்கேயும் இதே சோதனை போதும்.

விதியை மனப்பாடம் செய்தவர்கள் விழும் குழி வேறு. ‘த பாய்ஸ் ஈச் ஹேவ் எ புக்’ என்பதே சரி. இங்கே எழுவாய் பாய்ஸ், ஈச் அதன் பின்னால் ஒட்டிக்கொண்ட சொல். ஆகவே ஈச் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

நன் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் ‘இல்லை’, ‘ஒன்று’ என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது அது. ஒருமை வேண்டும் என்பதற்கு இந்தப் பிறப்பைத்தான் காரணம் காட்டுவார்கள். பால், தண்ணீர் போல எண்ண முடியாத பொருளென்றால் ஒருமை கட்டாயம்: ‘நன் ஆஃப் த மில்க் இஸ் லெஃப்ட்’. எண்ணக்கூடியவற்றுக்கு ‘நன் ஆஃப் த பாய்ஸ் இஸ் ஹியர்’, ‘ஆர் ஹியர்’ இரண்டுமே சரி. பன்மை வழக்கு பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே இருக்கிறது. அதைத் தவறென்று சொல்வது மிகை என்பது என் கருத்து. தேர்வுத் தாளில் மட்டும் ஒருமையை எழுதுங்கள், பல வினாத்தாள்கள் அதையே எதிர்பார்க்கின்றன. இந்தச் சொல்லில் தமிழ்க் காது நமக்கு உதவாது: அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை, யாரும் வரவில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒரே வினைதான்.

இந்தக் கவலையெல்லாம் நிகழ்காலத்துக்கும் வாஸ், வேர் இரண்டுக்கும் மட்டும்தான். கேம், வென்ட் போன்ற இறந்தகால வினைகளும் கேன், வில் போன்றவையும் ஒருமை பன்மைக்கு மாறுவதே இல்லை.