எட்டாயிரமும் மகாராஜாவும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் நண்பன் ஒருவன் எனக்கு எட்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. கேட்கச் சங்கடமாக இருந்ததால், "டேய், என் எட்டாயிரம் உன் வீட்டில் சௌக்கியமா? நேரத்துக்குச் சாப்பிடுதா? பார்க்கணும் போல இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிரித்துவிட்டு மறுநாளே அனுப்பிவிட்டான்.

போன வாரம் அவன் எழுதினான்: "அம்மா ஆபரேஷனுக்கு வரேன்னு சொன்ன. வரல. போன் கூட இல்ல. தியேட்டர் வாசல்ல தனியா உட்கார்ந்திருந்தேன்." சூட்டைத் தணிக்கலாம் என்று, "மன்னிக்கணும் மகாராஜா, அடியேன் தலையைத் தட்டில் வைத்து அனுப்பவா?" என்று எழுதி ஒரு சிரிப்பு எமோஜியும் போட்டேன். ப்ளூ டிக் விழுந்தது. அதோடு சரி. அதே ஆள், அதே கிண்டல். இப்போது மட்டும் ஏன் இப்படி?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஆள்தான் அதே ஆள். கிண்டல் வேறு.

இரண்டு செய்திகளிலிருந்தும் நகைச்சுவையை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். முதலாவதில் "பணத்தைத் திருப்பிக் கொடு" என்ற விஷயம் அப்படியே மிஞ்சும். இரண்டாவதில் ஒன்றுமே மிஞ்சாது. வராததைப் பற்றி ஒரு சொல் இல்லை, அம்மா எப்படி இருக்கிறார் என்ற விசாரிப்பும் இல்லை. அவன் சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லை.

இன்னொன்று, கோபப்படும் உரிமை யாரிடம் இருந்தது என்பது. எட்டாயிரம் விஷயத்தில் அது உங்களிடம் இருந்தது. கடிந்து கேட்டிருக்கலாம்; விட்டுக்கொடுத்து விளையாட்டாகக் கேட்டீர்கள். அவன் மானமும் தப்பியது. (இதையே பத்து நண்பர்கள் இருக்கும் குரூப்பில் கேட்டிருந்தால் கதை வேறு. அங்கே பணம் வந்திருக்கும், நண்பன் போயிருப்பான்.) ஆபரேஷன் விஷயத்தில் கோபம் அவனுடையது. அதை லேசாக்குவதா வேண்டாமா என்பதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் அவனைக் கேட்காமலே எடுத்துச் சிரித்துவிட்டீர்கள்.

என்னையே தாழ்த்திக்கொண்டுதானே எழுதினேன் என்று நினைப்பீர்கள். மேலோட்டமாக அப்படித்தான் தெரியும். ஆனால் நீங்கள் அடியேன் என்றால் அவன் மகாராஜா. தலையைத் தட்டில் கேட்கும் மகாராஜா. அவன் கேட்டதோ ஒரு போன். சிறிய, நியாயமான ஒரு குறையைப் பெரிதாக்கிக் காட்டி, "நீ ரொம்ப அலட்டிக்கிறாய்" என்று சொல்லிவிட்டது உங்கள் வாக்கியம். இந்த மாதிரி மிகையான மன்னிப்பு, உண்மையான மன்னிப்பு வர வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்கிறது.

எமோஜி போட்டேனே, என் குணம் அவனுக்குத் தெரியுமே என்கிற நம்பிக்கைக்கும் பெரிய ஆதாரம் இல்லை. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி என்ற உளவியலாளர்கள் சகாக்களோடு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாக்கியம் கிண்டலா நிஜமா என்பது படிப்பவருக்கு 78 சதவீதம் சரியாகப் புரிந்துவிடும் என்று மின்னஞ்சல் எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். குரலில் சொன்னபோது 73 வந்தது. படிப்பவர் நண்பராக இருந்ததாலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது. அது எழுத்தோடு போய்ச் சேருவதில்லை. அதுவும் காயத்தோடு படிப்பவனுக்கு, கண்ணீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகம் அவனைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. "சும்மா ஜோக்குடா, சீரியஸா எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குற்றம் அவன் புரிந்துகொண்டதில் என்று ஆகிவிடும். முடிந்தால் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் இவ்வளவு போதும்: "வரேன்னு சொல்லிட்டு வரல, போனும் பண்ணல. தப்பு என்னோடது. நீ அவ்வளவு சொல்லியும் நான் கிண்டலா பதில் போட்டதும் தப்பு. அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" வராததற்குக் காரணம் இருந்தால் அவன் கேட்கும்போது சொல்லுங்கள். முதல் செய்தியிலேயே சேர்த்தால் அது வக்காலத்து ஆகிவிடும்.

"ம்", "பரவால்ல" என்று பதில் வந்தால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவைப் பற்றி இரண்டு வரி எழுதுகிறானா என்று பாருங்கள். எழுதினால் பேச்சு திறந்திருக்கிறது. ஒருவேளை அவனே, "வர்றதா இருந்தா காபி வாங்கிட்டு வா, ஆஸ்பத்திரி காபியைக் குடிச்சு நானும் அட்மிட் ஆகியிருப்பேன்" என்று எழுதலாம். அப்போது நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அடுத்த கிண்டலில் மாட்டுவது நீங்களாகவோ அந்தக் காபியாகவோ இருக்கட்டும். அவன் தனியாக உட்கார்ந்திருந்த நேரத்தைத் தொட வேண்டாம். அதைக் கிண்டல் செய்வதானால் அவன் செய்யட்டும்.