தன்மையிலிருந்து படர்க்கைக்கு: கருத்தரங்கக் குறிப்பு

“புதுச்சேரிக் கருத்தரங்க நிரலுக்கு 30 சொற்களில் படர்க்கைக் குறிப்பு கேட்கிறார்கள். ‘நான் கடலூரில் பிறந்தேன். 12 ஆண்டுகளாகப் பிச்சாவரம் அலையாத்திக் காடுகளை ஆராய்ந்து வருகிறேன். எனது மாணவர்களுடன் நாற்றங்கால் நடத்துகிறேன்’ என்பதை எப்படி மாற்றுவது?”

வணக்கம் அம்மா. பெயரை ஒருமுறை மட்டும் எழுதி, வினைகளைப் பெயரெச்சமாக்கி ஒரே வாக்கியத்தில் கோத்துவிட்டால் சொற்கள் தாமே குறையும்: “(பெயர்), கடலூரைச் சேர்ந்த தாவரவியலாளர், பிச்சாவரம் அலையாத்திக் காடுகளை 2013 முதல் ஆராய்ந்துவரும் இவர், தம் மாணவர்களுடன் நாற்றங்கால் நடத்துகிறார்.”

துறையையும் ஆண்டையும் தங்களுக்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். “12 ஆண்டுகளாக” என்பது அடுத்த ஆண்டே பிழையாகிவிடும், தொடங்கிய ஆண்டு மாறாது. “நடத்துகிறார்” என்னும் மரியாதைப் பன்மைக்குத் “தன்” பொருந்தாது, “தம்” என்றே வர வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இதுதான். அனுப்புமுன் “என்”, “-ஏன்” எங்கேனும் எஞ்சியுள்ளனவா என்று தேடிப் பாருங்கள்.