மாவட்ட மனித மேம்பாட்டுக் குறியீடு: கேட்டவையும் பதில்களும்

ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரு மாவட்டத்து மக்களின் நிலையை ஒரே எண்ணில் சொல்வதுதான் இந்தக் குறியீடு. மாவட்டத் திட்டமிடலுக்கான புள்ளிவிவர வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

பிரியதர்ஷினி: ஆயுள் வருஷத்தில், வருமானம் ரூபாயில். இரண்டையும் எப்படி ஒரே எண்ணாக்குகிறார்கள்? எக்செல்லில் போட்டுப் பார்க்கிற மாதிரி சொல்லுங்கள் சார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் வைத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் மாவட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். அதோடு அலகு போய்விடும். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆயுளுக்கு வைத்திருக்கும் எல்லைகள் 20, 85. நம் கற்பனை மாவட்டத்தில் சராசரி ஆயுள் 72 என்றால், 65 வருட இடைவெளியில் 52 கடந்தாயிற்று. அது 0.8.

படிப்பில் இரண்டு அளவு. பெரியவர்கள் சராசரியாகப் படித்த வருடம் 7.5, மேலெல்லை 15, ஆக 0.5. இன்று பள்ளியில் சேரும் குழந்தை படிக்கக்கூடிய வருடம் 12.6, மேலெல்லை 18, ஆக 0.7. இரண்டின் சராசரி 0.6.

வருமானத்துக்கு ஐ.நா. டாலரில் எல்லை வைக்கிறது. கணக்கு புரிவதற்காக நான் 10,000 ரூபாய், 10 லட்சம் ரூபாய் என்று வைக்கிறேன். தலா வருமானம் 1 லட்சம் என்றால்:

```
=(LN(100000)-LN(10000))/(LN(1000000)-LN(10000))
=(0.8*0.6*0.5)^(1/3)
```

LN என்பதுதான் லாக். முதல் வரிக்கு 0.5 வரும். இரண்டாவது வரிதான் குறியீடு: 0.62.

சண்முகம்: லாக் போடுவதே பணக்கார மாவட்டங்களை மட்டம் தட்டத்தான். கடைசியில் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும், பெருக்கக் கூடாது. நான் படித்த காலத்தில் அப்படித்தான்.

நீங்கள் படித்த காலத்தில் அப்படித்தான் இருந்தது சார். 2010 அறிக்கையில்தான் ஐ.நா. பெருக்கலுக்கு மாறியது. காரணம் இது: நம் மாவட்டத்தின் 0.8, 0.6, 0.5 கூடினால் 1.9. இன்னொரு மாவட்டத்துக்கு 0.9, 0.9, 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் 1.9. கூட்டி வகுத்தால் இரண்டுக்கும் ஒரே 0.63. பெருக்கி முப்படி மூலம் எடுத்தால் முதலாவது 0.62, இரண்டாவது 0.43. ஒன்றில் அடியோடு பின்தங்கியதை மற்ற இரண்டும் மூடி மறைக்க முடியாது.

லாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி, மேலே போகப் போக ஏற்றம் குறையும். ஆனால் லாக் இல்லாமல் போட்டால் மேலே உள்ள 1 லட்ச ரூபாய் மாவட்டத்துக்கு 0.5-க்குப் பதில் 0.09 கிடைக்கும். ஒன்றிரண்டு பணக்கார மாவட்டங்களைத் தவிர மீதியெல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். லாக் போட்டால் 20,000 ரூபாய் 40,000 ஆவதும், 2 லட்சம் 4 லட்சம் ஆவதும் ஒரே ஏற்றம். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாது.

அரியலூர்க்காரன்: 2017 தமிழ்நாடு மனித மேம்பாட்டு அறிக்கையில் எங்கள் அரியலூர் மாவட்டம் 0.282. உலகத்திலேயே கடைசியில் இருக்கும் நாட்டுக்குக்கூட இதைவிட அதிகம். அவ்வளவு மோசமாகவா இருக்கிறோம்?

இல்லை தம்பி. இரண்டும் வேறு வேறு அளவுகோல். மாநில அறிக்கையை எழுதுகிறவர்கள் தங்களிடம் இருக்கும் அளவீடுகளையும் எல்லைகளையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். எல்லையை மாவட்டங்களுக்குள்ளிருந்தே எடுத்தால், சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். கடைசி மாவட்டத்தில் எழுத்தறிவு 68, முதல் மாவட்டத்தில் 92, அந்த இரண்டையுமே எல்லையாக வைத்தால் 74 எடுத்தவருக்குக் கிடைப்பது 0.25. எல்லை 0, 100 என்றால் அதே 74-க்கு 0.74.

2003 மாநில அறிக்கையைப் பாருங்கள். கடைசியில் இருந்த தருமபுரி 0.584, முதலில் இருந்த சென்னை 0.757. 2017-ல் கன்னியாகுமரி 0.944, அரியலூர் 0.282. பதினான்கு வருடத்தில் மாவட்டங்கள் இவ்வளவு பிரிந்து போயிருக்க முடியாது, கோல்தான் நீண்டது. இரண்டு அறிக்கைகளின் எண்களைக் கழித்து "முன்னேற்றம்" என்று எழுதும் கட்டுரையைப் பார்த்தால் மூடி வைத்துவிடுங்கள். உங்கள் மாவட்டம் வரிசையில் கீழே இருந்தது உண்மை, அது வேறு விஷயம்.

கிராம செவிலியர்: மாவட்டத்துக்கு ஆயுட்காலம் என்று யார் சார் எண் வைத்திருக்கிறார்கள்? நான் பார்த்ததே இல்லை.

சரியாகப் பிடித்தீர்கள். பிறப்பு இறப்பு விகிதங்களைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை மாநில அளவில்தான் ஆயுட்காலம் தருகிறது. அதனால் மாவட்டக் குறியீட்டில் குழந்தை இறப்பு, தாய் இறப்பு விகிதங்களை அந்த இடத்தில் வைப்பது வழக்கம். அங்கேதான் தொல்லை. அரியலூரையே எடுத்துக்கொள்வோம், 2011 கணக்கெடுப்பில் ஏழரை லட்சம் பேர். வருடத்துக்கு 11,000 பிரசவம் என்று வைத்தால், ஒரே ஒரு தாய் கூடுதலாக இறந்தால் லட்சத்துக்கான விகிதம் 9 ஏறும். இந்த வருடம் 5 பேர், அடுத்த வருடம் 8 பேர் என்பது மருத்துவமனையில் எதுவுமே மாறாமல் நடக்கக்கூடியது. விகிதமோ 45-லிருந்து 73-க்குத் தாவும். மூன்று அல்லது ஐந்து வருடத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

கிராம செவிலியர்: எங்கள் பக்கம் சிக்கலான கேஸ் எல்லாம் மதுரைக்குத்தான் போகும். இறப்பும் அங்கேதான் பதிவாகும்.

ஆமாம், பிறப்பு இறப்புப் பதிவு நடந்த இடத்தில்தான். தாயின் சொந்த ஊருக்குத் திருப்பிக் கணக்கிடாவிட்டால் பெரிய அரசு மருத்துவமனை இருக்கும் மாவட்டம் கெட்ட பெயர் வாங்கும், அனுப்பி வைத்த மாவட்டம் தப்பிக்கும்.

முத்துலட்சுமி, விருதுநகர்: எங்கள் மாவட்டம் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறதாமே. என் மகனுக்குக் கல்விக் கடன் வட்டி குறையுமா?

அம்மா, இந்தக் குறியீட்டை வைத்து வங்கி வட்டி போடுவதில்லை. கிளையில்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்வது 2018-ல் நிதி ஆயோக் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியல், தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால் 2017 மாநில அறிக்கையில் விருதுநகர் முன்வரிசை! அந்தப் பட்டியல் விவசாயம், நீர், வங்கிச் சேவை, சாலை என்று வேறு பலவற்றையும் பார்க்கிறது. எதை அளக்கிறோமோ அதற்கேற்ற இடம்தான் கிடைக்கும்.

ஜாகிர்: எங்கள் ராமநாதபுரத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். அந்தப் பணம் உங்கள் வருமானக் கணக்கில் வருகிறதா?

வராது. மாவட்டத்துக்கென்று கிடைப்பது மாவட்ட உள்நாட்டு உற்பத்தி மட்டும்தான். மாவட்ட எல்லைக்குள் என்ன உற்பத்தியானது என்பதுதான் அது, வீட்டில் என்ன செலவழிக்கிறார்கள் என்பதல்ல. துபாயிலிருந்து வரும் பணம் அதில் இல்லை. எதிர்ப்பக்கம் பாருங்கள்: நம் கற்பனை மாவட்டத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை வந்து தலா உற்பத்தி 2 லட்சமாகிறது. வேலை செய்கிறவர்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், லாபம் வேறு ஊருக்குப் போகிறது. வருமானப் பகுதி 0.5-லிருந்து 0.65 ஆகும், குறியீடு 0.62-லிருந்து 0.68. உள்ளூரில் ஒரு குடும்பத்தின் சாப்பாடுகூட மாறியிருக்காது.

என்னைக் கேட்டால் மூன்று கால்களில் இதுதான் பலவீனமானது. வருமானத்தை எடுத்துவிட்டு கழிப்பறை, சமையல் எரிவாயு, குழாய்த் தண்ணீர், உறுதியான வீடு என்று வைக்கலாம் என்பது என் கட்சி.

பிரியதர்ஷினி: அப்படிச் செய்தால் அரசு இலவசமாகக் கொடுத்த சிலிண்டரும் வாழ்க்கைத் தரம் ஆகிவிடாதா சார்? மறுநிரப்பு வாங்கப் பணம் இல்லாத வீடும் 'உண்டு' என்றுதானே பதிவாகும்.

ஆகும். இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் அதுதான் நடக்கும். சமையலுக்கு முக்கியமாக எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கும் கணக்கெடுப்பில் ஓரளவு தப்பிக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வில் அந்தக் கேள்வி உண்டு, மாவட்ட அளவிலும் எண் கிடைக்கும். ஆனால் கழிப்பறைக்கும் வீட்டுக்கும் உங்கள் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.