குழுவின் ஆண்டு வரவு செலவுத் திட்டம்: கடலூர், புதுச்சேரி அக்காமார் கேட்டவை

பதினாலு வருஷமா கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதியிருக்கேன். இப்போ பக்கத்து ஊர்க் குழுக்களுக்கும் ஏப்ரல் கணக்குப் போட உதவியா போறேன். வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே முடிச்சைச் சுத்தித்தான் இருக்கு. அதனால முதல் கேள்விக்கு மட்டும் நீளமா எழுதுறேன்.

தேவனாம்பட்டினம், ஒரு குழுவின் ஊக்குநர்: அக்கா, நாங்க 12 பேர். வர்ற வருஷத்துக்குத் திட்டம் போட்டதுல எல்லாச் செலவும் போக 95,244 ரூபாய் மிச்சம்னு வருது. கருவாடு போட தார்ப்பாயும் ஒரு பெட்டியும் வாங்கலாம்னு தீர்மானம் எழுதப் போறோம். ஆனா போன மே மாசம் பேங்க் தவணைக்கே காசு இல்லாம நின்னோம். இவ்ளோ மிச்சம் இருக்கிற குழு ஏன் நிக்குது?

தீர்மானத்தை இப்போ எழுதாதீங்க. நீங்க அனுப்பின நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். வரவுப் பக்கத்துல நாலு வரி இருக்கு. ஆளுக்கு மாசம் 200 வீதம் சேமிப்பு, வருஷத்துக்கு 28,800. பேங்க் கடனுக்காக ஆளுக்கு மாசம் 800 வீதம் வசூல், 1,15,200. உள்கடன்ல திரும்பி வர்ற அசல், மாசம் 5,000 வீதம் 60,000. உள்கடன் வட்டி, மாசம் 600 வீதம் 7,200. கூட்டினா 2,11,200. செலவுல பேங்குக்கு மாசம் 9,263 வீதம் 1,11,156, கணக்கெழுதும் கூலி, நோட்டு, பஸ் செலவு எல்லாம் சேர்த்து 4,800. கழிச்சா 95,244. கூட்டல் கழித்தல்ல தப்பே இல்ல.

தப்பு எங்கன்னா, இந்த நாலு வரியும் ஒரே ஜாதிப் பணம்னு நினைச்சதுலதான். 28,800 சேமிப்பு குழுவோட வருமானம் கிடையாது, குழு உறுப்பினருக்குத் தர வேண்டிய கடன். அஞ்சு வருஷமா 200 கட்டின ஒரு அம்மா நாளைக்கு மகளோட திருப்பூர் போறேன்னு விலகினா, அவங்க 12,000 ரூபாயை எண்ணி வைக்கணும். அப்போ தெரியும் அது யாரோட பணம்னு. 60,000 அசலும் வருமானம் இல்ல. நீங்க கொடுத்த காசு வீட்டுக்குத் திரும்பி வருது, அவ்வளவுதான். அதுவும் வந்த அன்னிக்கே வேற ஒருத்தருக்குக் கடனாப் போயிடுது. அப்படிப் போறதை நீங்க செலவுப் பக்கத்துல எழுதவே இல்ல.

குழு நிஜமா சம்பாதிக்கிறது ரெண்டே இடத்துல. உள்கடன் வட்டி 7,200. பேங்குக்குக் கட்டுறதைவிடக் கூடுதலா வசூலிக்கிற வித்தியாசம் 4,044. ரெண்டும் சேர்ந்து 11,244, அதுல 4,800 செலவு போனா 6,444. உங்க குழுவோட ஒரு வருஷ மிச்சம் இதுதான். தார்ப்பாய் வாங்கலாம், பெட்டி அடுத்த வருஷம்.

மே மாசத்துக்கு வர்றேன். உங்க 12 பேர்ல அஞ்சு பேர் கருவாடு போடுறவங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. மே மாசம் அவங்க அஞ்சு பேரால 800 கட்ட முடியலன்னா மிச்ச ஏழு பேர்கிட்டேர்ந்து வர்றது 5,600. பேங்குக்கு வேண்டியது 9,263. பள்ளம் 3,663. ஜூன்லயும் அதே கதை. அப்புறம் நவம்பர், டிசம்பர். கடல்ல மீன் இருந்தாலும் மழையில கருவாடு காயாது. வருஷக் கூட்டல்ல இந்த நாலு மாசமும் மறைஞ்சு போயிடும், ஏன்னா அங்க ஏப்ரலும் மேயும் ஒரே எண்ணுக்குள்ள உட்கார்ந்திருக்கு. அதனால நோட்டை அகலவாக்குல திருப்பி, 12 மாசத்துக்கும் தனித்தனிக் கட்டம் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே மாசக் கடைசியில கையிருப்பு எவ்வளவுன்னு எழுதுங்க. எந்தக் கட்டத்துல அது பூஜ்யத்துக்குக் கீழே போகுதோ, அந்த மாசத்தைப் பத்தி இப்பவே பேசுங்க.

வழி இது. அந்த அஞ்சு பேரும் நாலு மாசம் தவணை கட்ட வேணாம். மீன் வர்ற எட்டு மாசமும் 800க்குப் பதிலா 1,200 கட்டட்டும். வருஷத்துக்கு அதே 9,600தான் வரும். ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அஞ்சு பேர் கூடுதலா கட்டுற 400 சேர்ந்து 8,000, அது மே, ஜூனுக்கு. ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் இன்னொரு 8,000, அது நவம்பர், டிசம்பருக்கு. இதுல ஒண்ணைக் கவனிங்க. திட்ட வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்குது, மெலிஞ்ச காலம் மே மாசத்துலயே வந்துடுது. அதனால ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுல சேர்த்த 6,000 ஏப்ரல் 1ஆம் தேதி ஆரம்ப இருப்புல உட்கார்ந்திருக்கணும். அந்த 6,000ஐ மார்ச் கூட்டத்துல யாருக்கோ உள்கடனாக் கொடுத்துட்டா, மொத்தத் திட்டமும் காகிதம்தான்.

கடலூர் முதுநகர், பிரதிநிதி: இது அநியாயம் அக்கா. சீசன்ல 1,200 கேட்டா அவங்க வலை, ஐஸுக்கு எங்க போவாங்க? பேங்க்லயே தடைக்காலத்துக்குத் தவணையைத் தள்ளித் தருவாங்களே.

பாதி சரியாச் சொல்றீங்க. கடன் வாங்குறப்பவே எங்க தொழில் இப்படின்னு சொல்லி, தவணையை அதுக்கு ஏத்தாப்ல அமைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கவும் வேணும். ஆனா கையெழுத்துப் போட்டு ஓட ஆரம்பிச்ச கடனைத் தள்ளிப் போடுறது அந்தக் கிளை ஒத்துக்கிட்டாத்தான். தள்ளினாலும் வட்டி தூங்காது. 3 லட்சம், வருஷத்துக்கு 7 சதவீதம்னா ஆரம்பத்துல ஒரு மாச வட்டி மட்டும் 1,750 ரூபாய். பேசாம விட்டு, பாக்கி 90 நாளைத் தாண்டினா வாராக்கடன்னு எழுதிடுவாங்க. அப்புறம் அடுத்த கடன் 12 பேருக்குமே கஷ்டம்.

எட்டு மாசமும் ஒரே மாதிரி 1,200 கட்டுறது கஷ்டம்னா ஜனவரி ஒரு மாசம் மட்டும் 800ல விட்டுட்டு மத்த மாசத்துல ஏத்துங்க. அது அந்த அஞ்சு பேர் வாயாலயே வரட்டும், ஊக்குநர் எழுதித் தரக் கூடாது.

தேவனாம்பட்டினம், அதே குழுவில் இன்னொரு உறுப்பினர்: மே மாசத்துல உள்கடன் அசல் 5,000, வட்டி, சேமிப்பு எல்லாம் வருதே. அதை எடுத்துத் தவணை கட்டினா தீர்ந்தது. எதுக்கு இவ்ளோ கணக்கு?

கட்டலாம், நானும் கூட்டிப் பார்த்தேன். ஏழு பேரோட தவணை 5,600, அவங்க சேமிப்பு 1,400, உள்கடன்ல வர்ற 5,600, ஆக 12,600. பேங்குக்குப் போக 3,337 மிஞ்சும். முதல்ல தவணையை எடுத்து வெச்சுட்டு, அப்புறம் கடன் கேட்கிறவங்களைப் பாருங்கன்னு நானே பல குழுவுக்குச் சொல்லியிருக்கேன்.

ஆனா ரெண்டு விஷயம். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது. மே கூட்டத்துலதான் கடன் கேட்டு நாலு பேர் எழுந்திரிப்பாங்க. 3,337ஐ யாருக்குக் கொடுப்பீங்க? ரெண்டாவது, நீங்க கட்டினது அஞ்சு பேரோட தவணையை, ஏழு பேரோட பணத்துல. அந்த அஞ்சு பேர் பாஸ்புக்குல 800 பாக்கின்னு அன்னிக்கே ஏறணும். பேங்க்ல பாக்கி இல்லைங்கிறதால குழுவுக்குள்ளயும் பாக்கி இல்லைன்னு விட்ட குழுக்கள்லதான் டிசம்பர்ல சண்டை வந்திருக்கு.

வீராம்பட்டினம், புதுச்சேரி: கருவாட்டு விலை எப்படிப் போடணும்? போன தடவை 40 கிலோ நெத்திலி 4,000 ரூபாய்க்கு எடுத்தோம். ஆட்டோ, ஐஸ் 300, பாக்கெட் 200. 10 கிலோ காய்ஞ்சு வந்துச்சு. கிலோ 550ன்னு வித்தோம். கிலோவுக்கு 100 லாபம்னு எழுதியிருக்கோம்.

உங்க கூலியை எழுதலையே? காயப்போட, திருப்ப, காக்கா விரட்ட ரெண்டு பேர் ரெண்டு நாள் இருந்திருப்பீங்க. ஆளுக்கு நாளைக்கு 300ன்னு வெச்சாலும் 1,200. அதைச் சேர்த்தா 5,700, கிலோவுக்கு 570 ஆகுது. 550க்கு வித்தது 20 ரூபாய் நட்டம். நீங்களே வேலை செஞ்சதால அது கண்ணுல படல. கூலிக்கு ஆள் வெச்ச அன்னிக்கு படும்.

இன்னொண்ணும் சேருங்க. பத்துத் தடவை போட்டா ஒரு தடவை மழையிலயோ புழுவுலயோ போகும். பத்துத் தடவைச் செலவை ஒன்பது தடவைச் சரக்குதான் சுமக்கணும். அப்படிப் பார்த்தா கிலோ 633. சந்தையில அந்த விலை கிடைக்காதுன்னா, மீனை 100க்கு எடுக்காதீங்க, விலை இறங்குற நாள் வரைக்கும் பொறுங்க. தொழிலோட நோட்டு குழு நோட்டுலேர்ந்து தனியா இருக்கட்டும். உங்க நோட்டுல கருவாடு வித்த காசும் சேமிப்பும் ஒரே பக்கத்துல கலந்து கிடக்கு.

பண்ருட்டி: எங்களுக்கு முந்திரி. தடைக்காலம் எல்லாம் இல்ல. அப்போ மாசக் கட்டம் வேணுமா?

வேணும், உங்க பள்ளம் வேற மாசத்துல இருக்கு. மார்ச்லேர்ந்து மே வரைக்கும் கொட்டை வர்றப்போ மொத்தமா வாங்கி வெக்கணும், விக்கிறது வருஷம் பூரா. அந்த மூணு மாசம் உள்கடனை இறுக்கிப் பிடிங்க.

முதலியார்பேட்டை, புதுச்சேரி: எனக்குத் தனியா வேற இடத்துல வாரத் தவணை இருக்கு மேடம், வாரம் 650. இதைக் குழு பட்ஜெட்ல எந்த வரில எழுதணும்?

எந்த வரியிலயும் வேணாம்மா, அது உங்க வீட்டுக் கணக்கு. ஆனா குழுவுல கடன் கேட்கிறப்போ மாசம் கிட்டத்தட்ட 2,800 வெளியில போகுதுன்னு சொல்லிடுங்க. இதைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேட்கலாமான்னு எங்க பக்கக் குழுக்களுக்குள்ளயே ஒத்துப் போகல. கேட்கணும்னு சிலர், வீட்டு மானம் போகும்னு சிலர். எங்க குழுவுல ஊக்குநர்கிட்ட மட்டும் தனியாச் சொல்ற வழக்கம். அதுலயும் ஒளிக்கிறவங்க இருக்காங்க.

கடலூர் முதுநகர், முன்னே கேட்ட பிரதிநிதி: சரி அக்கா, ஆனா அந்த 8,000 பேங்க்ல சும்மா கிடக்கணுமா? ஒரு மாசத்துக்கு வட்டிக்கு விட்டா 80 ரூபாய் வருமே.

80 ரூபாய்க்காகத்தான் நாங்களும் விட்டோம். 2011 டிசம்பர்ல எங்க குழுவோட பணம் எல்லாம் உள்கடன்ல வெளியில இருந்துச்சு, பாஸ்புக்குல 412 ரூபாய். 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்துச்சு. காயப்போடுற தட்டி, கொட்டகை, முந்திரித் தோப்புக் கூலி வேலை எல்லாம் ஒரே ராத்திரில போச்சு. ஜனவரி கூட்டத்துக்கு வந்தவங்க நாலு பேர். கடன் வாங்கினவங்களும் பாதிக்கப்பட்டவங்களும் ஒரே ஆளுங்க, யார்கிட்ட போய்க் கேட்கிறது? மூணு தவணை நின்னுச்சு. அதைச் சரிக்கட்ட ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மாசத் தவணை எப்பவும் கணக்குல இருக்கணும்னு தீர்மானப் புத்தகத்துல எழுதி 12 பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்தப் பணத்துக்குப் பேங்க் தர்ற சேமிப்பு வட்டி அஞ்சு பேருக்கா, 12 பேருக்கா, அது எங்க குழுவுலயே இன்னும் முடிவாகல. உங்க குழு எப்படிப் பிரிக்கிறீங்கன்னு எழுதுங்க.