ஆடிட்டருக்கு மெயில் அனுப்பக் கிழமை பார்ப்பதா, தேதி பார்ப்பதா?

"ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு ஒரு சாப்ட்வேர் விற்கிறேன். அறிமுக மெயிலை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அனுப்பினால் பதில் வரும்? செவ்வாய்க்கிழமை காலை 10 மணிதான் பெஸ்ட் என்கிறார்கள். நேரம் அவ்வளவு முக்கியமா?"

தேதி ரொம்ப முக்கியம். கிழமை கொஞ்சம்தான். மணிக்கணக்கு அதைவிடக் கொஞ்சம். முதலில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன், இப்போது அந்த ஆபீஸ்களுக்கே விற்கும் பக்கம் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு ஆடிட்டரின் மாதம் கிழமைக் கணக்கில் ஓடுவதில்லை. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11ஆம் தேதி விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன். 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி ஜிஎஸ்டி வரியைக் கட்டிப் போடும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன். 18, 19 தேதிகளில் எந்த ஆபீஸுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கிளையன்ட் பர்ச்சேஸ் பில்லை அப்போதுதான் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார். சிஏ பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள்ஸ் பையன்கள், சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் எந்த பில் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். சார் ஒரு காதில் போனோடு இன்னொருவரிடம் ஓடிபி கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நாள் செவ்வாய்க்கிழமையாகவே இருக்கட்டும், மணி 10 ஆகவே இருக்கட்டும், உங்கள் மெயிலுக்கு அங்கே இடம் இல்லை. ராத்திரி அவர் மெயிலைத் திறக்கும்போது அதற்கு மேல் கிளையன்ட் மெயில்கள் குவிந்திருக்கும். கீழே போன மெயிலை யாரும் தேடி எடுத்துப் படிப்பதில்லை.

அதனால் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குக் கிடைப்பது 22, 23ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 4, 5ஆம் தேதி வரை உள்ள இடைவெளி. அதுவும் எல்லா மாதத்திலும் கிடைக்காது. ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் சீசன், செப்டம்பரில் டேக்ஸ் ஆடிட், டிசம்பர் கடைசியில் ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன், மார்ச் கடைசியில் வருட முடிவு, ஏப்ரல் தொடக்கத்தில் வங்கிக் கிளை ஆடிட். இந்த வாரங்களை விட்டுவிடுங்கள்.

2026 பிப்ரவரியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் ஜனவரி 31-உடன் முடிந்துவிட்டது. பிப்ரவரி 1 பட்ஜெட், அதன் பிறகு கொஞ்ச நாள் பட்ஜெட் கூட்டங்கள். 20 வெள்ளிக்கிழமை, 3பி கடைசி நாள். மறுநாள் சனிக்கிழமை ஆபீஸே அசதியில் இருக்கும். 23 திங்கள், தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அன்றைக்குத்தான் வந்து நிற்கும். ஆக 24 செவ்வாய், 25 புதன், 26 வியாழன் மூன்றும் நல்ல நாட்கள். பதில் வராதவர்களுக்கு மார்ச் 3 அல்லது 4-இல், அதே மெயிலுக்குக் கீழே, இரண்டே வரியில் நினைவூட்டல். மார்ச் 7-ஐத் தாண்டினால் டிடிஎஸ், பிறகு 15ஆம் தேதி அட்வான்ஸ் டேக்ஸ், அதற்குப் பிறகு வருட முடிவு. அதோடு கதவு மூடிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கடைசித் தேதி தள்ளிப்போவது. 2025-இல் டேக்ஸ் ஆடிட் கடைசித் தேதி செப்டம்பர் 30. அதை முதலில் அக்டோபர் 31-க்கும், பிறகு நவம்பர் 10-க்கும் தள்ளினார்கள். செப்டம்பர் கழித்து ஃப்ரீயாக இருப்பார்கள் என்று நம்பி அக்டோபர் முதல் வாரத்துக்கு ஷெட்யூல் போட்டு வைத்தவர்களின் மெயில் நேராக ஆடிட் நெரிசலுக்குள் போய் விழுந்திருக்கும். ஷெட்யூல் போட்டாலும் முந்தின நாள் வருமான வரித் துறை, ஜிஎஸ்டி போர்ட்டல் அறிவிப்புகளை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கிழமை, மணிக்கு வருவோம். எனக்குப் பிடித்தது காலை 10.40 வாக்கில், இல்லையென்றால் மாலை 4.30-க்கு மேல். 10 மணி அடித்ததும் எல்லாருடைய ஷெட்யூல் மெயிலும் ஒன்றாக வந்து இறங்கும், அதோடு போட்டி போடுவானேன்? சனிக்கிழமையைப் பலர் ஒதுக்குகிறார்கள், நான் ஒதுக்க மாட்டேன். நம் ஊரில் நிறைய ஆடிட்டர் ஆபீஸ்கள் சனிக்கிழமையும் இயங்குகின்றன. இரண்டாவது, நான்காவது சனி வங்கிகளுக்கு லீவு என்பதால் அன்றைக்குப் போன் தொல்லையும் குறைவு. வாட்ஸ்அப் மட்டும் வேறு கதை. மெயில் அமைதியாகக் காத்திருக்கும், வாட்ஸ்அப் கையில் கிடக்கும் போனை அதிர வைக்கும். முன்பின் தெரியாதவருக்குக் காலை 10-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

"செவ்வாய் 10 மணி" என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 200 பேரை இரண்டாகப் பிரித்து, 100 பேருக்குச் செவ்வாய், 100 பேருக்கு வியாழன் அனுப்புகிறீர்கள். ஒன்றில் 5 பதில், மற்றதில் 8 பதில். வியாழன் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த மூன்று பதில் வெறும் தற்செயலாகவே வந்திருக்கலாம். நூற்றுக்கு 5-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் உண்மையானது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு பக்கமும் சுமார் ஆயிரம் பேர் வேண்டும். ஒரு மாவட்டத்து ஆடிட்டர்களை மட்டும் குறிவைக்கும் உங்கள் லிஸ்டில் அத்தனை பேர் இருக்க வாய்ப்பு குறைவு.

மெயில் திறக்கப்பட்ட கணக்கை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றால் அதுவும் ஏமாற்றும். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த பிரைவசி வசதி, அதை ஆன் செய்தவர்களுக்கு வரும் மெயிலில் உள்ள படங்களை அவர் திறப்பதற்கு முன்பே இறக்கிவிடுகிறது. அவர் பார்க்காத மெயிலும் பார்த்ததாகக் கணக்கில் ஏறும். பதில்களை மட்டும் எண்ணுங்கள்.

சரியான வாரம் கிடைத்துவிட்டால், அதற்குள் செவ்வாயா வியாழனா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தை மெயிலின் முதல் வரியில் செலவிடலாம். "வணக்கம் சார், உங்கள் ஆபீஸில் 2பி ரீகன்சிலியேஷன் எக்செல்லில் பண்ணுகிறீர்களா? 15 நிமிடம் ஒதுக்கினால் உங்கள் ஒரு கிளையன்ட் டேட்டாவிலேயே காட்டுகிறேன்" என்று நேராகக் கேட்கும் மெயில் எந்தக் கிழமையிலும் படிக்கப்படும். கம்பெனி வரலாற்றில் தொடங்கும் மெயிலை நல்ல நாள் காப்பாற்றாது.

"இப்ப டைம் இல்லை, 20-க்கு அப்புறம் கூப்பிடுங்க" என்று ஒரு வரியில் பதில் வந்தால் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வாயாலேயே தேதி சொல்லிவிட்டார். உடனே காலண்டரில் 23 என்று போட்டு, அன்றைக்குப் போனிலேயே கூப்பிடுங்கள். "20-க்கு அப்புறம் கூப்பிடச் சொன்னீங்க சார்" என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் பேசுவார்கள்.