பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபின் பொறுப்பு மட்டும் திரும்பவில்லை: கேள்வி பதில்

சென்னை ஐடி நிறுவனங்களின் ஹெச்ஆர் பிரிவில் நீண்ட காலம் இருந்தவர், இப்போது வேலையிடப் பிரச்சினைகளில் பெண்களுக்கு ஆலோசனை சொல்பவர், எங்கள் குழு உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

டீம் லீட், சோழிங்கநல்லூர்: ஆறு மாத விடுப்பு முடிந்து பிப்ரவரியில் சேர்ந்தேன். என் ஏழு பேர் டீமை நான் இல்லாதபோது பார்த்துக்கொண்டவரே இன்னும் பார்க்கிறார். "முதல்ல செட்டில் ஆகுங்க" என்று சொல்லி டாக்குமெண்டேஷன் வேலை கொடுத்திருக்கிறார்கள். சம்பளம், டெசிக்னேஷன் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. நான் என்னவென்று கேட்பது?

பதில்: கேட்க நிறைய இருக்கிறது. சம்பளத்தில் கை வைக்காததால்தான் இது வெளியே தெரிவதில்லை. உங்களுக்கு எதிராக யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். உங்கள் இடத்துக்கு வந்தவர் ஆறு மாதம் ஓட்டிவிட்டார், கிளையன்ட்டுக்கும் பழகிவிட்டார், அவரை நகர்த்தினால் மேனேஜருக்குத் தலைவலி. அதனால் தள்ளிப்போடுகிறார். அப்படியே மூன்று மாதம் போனால் அதுவே நிரந்தரம் ஆகிவிடும்.

முதலில் ஹெச்ஆர் போர்ட்டலைத் திறந்து உங்களுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஏழு பேரின் லீவும் டைம்ஷீட்டும் இப்போது யாருடைய அப்ரூவலுக்குப் போகின்றன? வாராந்திர கிளையன்ட் கால் அழைப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா? விடுப்புக்கு முன் இருந்த அட்மின் அனுமதிகள் திரும்ப வந்தனவா? டெசிக்னேஷன் பெயர் மாறாமலே ஒரு லீடை லீட் இல்லாமல் செய்வது இந்த இடங்களில்தான். பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட் விவரம் உள்ள மெயில்களை மட்டும் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். புகார் பெரிதாகும்போது "ரகசியத் தகவலை வெளியே அனுப்பினார்" என்று பேச்சைத் திருப்ப அது ஒன்றே போதும்.

அடுத்தது மேனேஜருக்கு ஒரு மெயில், ஹெச்ஆருக்குக் காப்பியோடு. சேர்ந்த முதல் இரண்டு வாரத்துக்குள் போவது நல்லது. கோபமோ சட்டப் பிரிவோ அதில் வேண்டாம். நான் ஆலோசனை சொன்ன ஒருவரின் நிலைமையும் கிட்டத்தட்ட உங்களுடையதுதான். அவர் எழுதியது இவ்வளவுதான்: "விடுப்புக்கு முன் இந்த மாட்யூலும் ஏழு பேரும் என் பொறுப்பில் இருந்தார்கள். என் ஹேண்ட்ஓவர் குறிப்பில் இது தற்காலிக ஏற்பாடு என்று இருக்கிறது. இப்போது நான் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். பழைய பொறுப்பு எந்தத் தேதியில் என்னிடம் திரும்பும்? அதே பொறுப்பு இல்லையென்றால், அதற்கு இணையாக எதைத் தருகிறீர்கள்?" வாயால் கேட்டவரைக்கும் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வந்தது. மெயிலுக்குத் தேதியோடு பதில் வந்தது. ஏழு பேரில் நான்கு பேர் அவரிடம் திரும்பினார்கள். மற்ற மூன்று பேரோடு புதிய மாட்யூல் ஒன்று அந்த மாற்று ஆளுக்குப் போனது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்ரைசலுக்கு முன்பே அவர் மறுபடியும் லீட் ஆனார்.

அவரைக் காப்பாற்றியது ஹேண்ட்ஓவர் குறிப்பில் இருந்த "தற்காலிக" என்ற ஒரு சொல். இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள் கவனியுங்கள்: ஒப்படைக்கும்போதே யாரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி, மேனேஜரிடம் "ஓகே" என்று ஒரு பதில் மெயில் வாங்கிவிட்டுப் போங்கள்.

வேளச்சேரி உறுப்பினர்: நானும் இதே மாதிரி மெயில் போட்டேன் மேடம். அதற்கப்புறம் மேனேஜர் முகம் கொடுத்தே பேசவில்லை. "இந்தப் பொண்ணு ஹெச்ஆருக்கு எழுதுற ஆளு" என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

பதில்: நடக்கிறதுதான், மறுக்க மாட்டேன். மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால், முதலில் நேரில் உட்கார்ந்து பேசிவிட்டு, "இன்று பேசியதன்படி" என்று தொடங்கி ஒரு சின்ன மெயில் அனுப்பலாம். புகார் வாடை குறையும், பதிவும் இருக்கும். அதுவும் எல்லா மேனேஜரிடமும் எடுபடும் என்று என்னால் உறுதி தர முடியாது. உங்கள் விஷயத்தில் அந்த மேனேஜருக்கு மேலே இருப்பவரிடம் வேறு ப்ராஜெக்ட் கேட்பதுதான் இப்போதைக்குச் சரி என்று நினைக்கிறேன்.

சட்டம் படித்த உறுப்பினர்: சோழிங்கநல்லூர் சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன். பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. லேபர் ஆபீஸில் ஒரு மனு போட்டால் முடிந்தது. சரிதானே?

பதில்: பாதி சரி. அதே பதவியோ அதே சம்பளத்தில் அதற்கு இணையான பதவியோ தரவேண்டும் என்று நேராகச் சொல்வது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 183-ஆவது ஒப்பந்தம், 2000-இல் வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. நம் சட்டத்தின் வாசகம் வேறு. 1961 மகப்பேறு சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விடுப்பில் இருக்கும்போதோ அந்த விடுப்பைக் காரணமாக வைத்தோ வேலையை விட்டு நீக்கக் கூடாது, பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 வந்திருக்கிறது. அதில் 68-ஆவது பிரிவு இதையே சொல்கிறது.

ஆக, கேள்வி எல்லாம் எது பணி நிபந்தனை என்பதில் இருக்கிறது. சம்பளம், கிரேடு, அலவன்ஸ் குறைந்தால் வாதம் வலுவாக இருக்கும். ஏழு பேர் டீம் போய் டாக்குமெண்டேஷன் வந்தால், "ப்ராஜெக்ட் தேவைக்காக மாற்றினோம்" என்று நிறுவனம் சொல்லும். அது பொய் என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் நம் தலையில் விழும். அதனால்தான் போர்ட்டலையும் மெயிலையும் அவ்வளவு அழுத்திச் சொன்னேன். ஒரே மனுவில் முடிந்துவிடும் என்று நம்பிப் போனவர்கள் ஏமாந்து திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாமியார், திருப்பூர்: என் மருமகள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். குழந்தை பிறந்து திரும்பப் போனதும் செக்கிங்கில் போட்டுவிட்டார்கள். ஷிப்டுக்கு வாங்கிய கூலியும் குறைந்துவிட்டது. இதுவும் மேலே சொல்கிற மாதிரிதானா?

பதில்: இல்லைங்கம்மா, உங்கள் மருமகளின் வழக்கு இன்னும் தெளிவானது. இங்கே கூலியே குறைந்திருக்கிறது. டெய்லர் வேலைக்கு ஒரு கூலி, செக்கிங்குக்கு ஒரு கூலி என்று கம்பெனியே வைத்திருக்கும்போது, இது பாதகமான மாற்றம் இல்லை என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். விடுப்புக்கு முந்தைய சில மாதங்களின் சம்பளச் சீட்டையும் இப்போதைய சீட்டையும் சேர்த்து வையுங்கள். சீட்டு தருவதில்லை என்றால் வங்கிக் கணக்கில் வந்த தொகையைப் பாஸ்புக்கில் பதிந்து வாங்குங்கள். முதலில் சூப்பர்வைசருக்கு மேலே இருக்கிற ஆபீஸில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். காப்பியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குவது முக்கியம். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே ஏதாவது தொழிற்சங்கம் இருந்தால் தனியாகப் போகாமல் அவர்களோடு போவது நல்லது.

குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. "அடிக்கடி எழுந்து போகிறாள், லைன் நிற்கிறது, அதனால்தான் மாற்றினோம்" என்று அவர்கள் சொன்னால், அந்தக் காரணத்தையே எழுதித் தரச் சொல்லுங்கள். சட்டம் கொடுத்த இடைவேளைக்காக இறக்கினோம் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஒரு பள்ளி ஆசிரியை: எனக்கு மூன்றாவது பிரசவம். எத்தனை வாரம் கிடைக்கும் என்று சொல்லவே இல்லையே?

பதில்: இங்கே பேசுவது திரும்பி வந்த பிறகு நடப்பதைப் பற்றி. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளி என்றால், உயிருடன் இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருக்கும்போது 12 வாரம். மற்றவர்களுக்கு 26 வாரம். அரசுப் பள்ளி என்றால் விதிகள் வேறு, அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு மேனேஜர்: கைக்குழந்தை இருக்கிற பெண்ணுக்கு நைட் கால், வெளியூர் டிராவல் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன். இது அக்கறைதானே? இதையும் ஓரங்கட்டுவது என்று சொல்வது நியாயமா?

பதில்: அவரிடம் கேட்டீர்களா, சார்? எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லி, எதுவரை என்று இருவரும் ஒரு தேதி வைத்திருந்தால் அது அக்கறை. கேட்காமல் நீங்களே முடிவு செய்தால், வருடக் கடைசியில் புரமோஷன் பட்டியலைப் போடும்போது அது எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கிளையன்ட் இடத்துக்குப் போனவர், ராத்திரி பிரச்சினையைத் தீர்த்தவர் என்று பெயர்கள் மேலே வரும். அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தை உண்டாக்கியது நீங்கள், மதிப்பெண் குறைவது அவருக்கு.

நைட் கால் முடியாதென்றால் பகலில் முடிகிற, அதே எடையுள்ள வேலை ஒன்றைக் கொடுங்கள். டிசைன் ரிவ்யூ, புதிதாகச் சேர்ந்தவர்களைத் தயார் செய்வது, ரிலீஸ் பொறுப்பு இப்படி. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள், வீட்டு நிலைமை மாறியிருக்கும். மாற்றாக வந்தவரிடமும் முதல் நாளே "இது இத்தனை மாதத்துக்குத்தான், பிறகு உனக்கு இது" என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால், திரும்பி வருபவருக்கும் அவருக்கும் வீணாகப் பகை மூளும்.

மென்பொருள் பொறியாளர், கோவை: வீட்டிலிருந்து வேலை கேட்டேன், கொடுத்தார்கள். அப்புறம் ஏப்ரல் அப்ரைசலில் எப்போதும் வரும் ரேட்டிங் ஒரு படி குறைந்துவிட்டது. "வருஷத்துல பாதி நீங்க இல்லையே" என்கிறார் மேனேஜர். வெறுத்துப்போய் ராஜினாமா செய்துவிடலாமா என்று இருக்கிறது.

பதில்: பணக் கணக்கை முதலில் பார்ப்போம். வேரியபிள் பே வருடத்துக்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்த ஆறு மாதத்துக்கு மட்டும் என்று பாதியாக்கினால் 1 லட்சம். அதன்மேல் ரேட்டிங் குறைந்து 70 சதவீதம் கொடுத்தால் கைக்கு வருவது 70,000. இல்லாத மாதங்களுக்கு ஒருமுறை வெட்டிவிட்டு, இல்லாததையே காரணம் காட்டி ரேட்டிங்கிலும் வெட்டுகிறார்கள். ஒரே விடுப்புக்கு இரண்டு வெட்டு. ஹெச்ஆரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: "வேலை செய்த ஆறு மாதத்தில் எந்த இலக்கில் நான் குறைந்தேன்?" அந்த ஆறு மாதத்தை மட்டும் வைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். முதல் வெட்டே சரியா என்பதில் ஹெச்ஆர்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வேரியபிள் பே ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். இரண்டாவது வெட்டு தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டிலிருந்து வேலை என்பது வேலை பார்க்கும் இடத்தில் வந்த மாற்றம் மட்டும். சட்டம் அதை இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் விஷயமாக விட்டிருக்கிறது. அதனால் "இடம் மட்டும் மாறுகிறது, பொறுப்பும் இலக்குகளும் முன்போலவே" என்று ஒரு வரியை இப்போதாவது மெயிலில் சேர்த்து அனுப்புங்கள்.

ராஜினாமாவைப் பற்றி: வேறு வேலை கையில் இருந்து, மனம் அங்கே போய்விட்டது என்றால் போங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. கோபத்தில் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். விடுப்பைக் காரணமாக வைத்து நிறுவனம் உங்களை நீக்கினால், உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. நீங்களே "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழியைத் திறப்பது மிகவும் கடினம். "மரியாதையாகப் பேப்பர் போட்டுவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அன்றே அந்தப் பேச்சைத் தேதியோடு மெயிலில் பதிவு செய்யுங்கள். அவர்கள் கொடுக்கும் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போடாமல், படிக்க இரண்டு நாள் கேளுங்கள்.