முதல் விசாரிப்பு முதல் கடைசித் தவணை வரை: ஒரே கோப்பில் கணக்கு

கேள்வி: நான் தனியாக நிறுவனங்களுக்கு விளக்க வீடியோக்கள் தயாரித்துத் தருகிறேன். விசாரிப்புகள் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் வருகின்றன. யாருக்கு முன்மொழிவு அனுப்பினேன், யாரிடம் மீண்டும் பேச வேண்டும், யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது எனக்கே குழம்பிவிடுகிறது. வேலை இருந்தும் மாதக் கடைசியில் கையில் பணம் இருப்பதில்லை. பெரிய மென்பொருள் எதுவும் வாங்காமல் இதை ஒழுங்குபடுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஒரே கோப்பும் அதற்குள் மூன்று தாள்களும் போதும். நடப்பில் உள்ளவை ஒரு தாளிலும், தவணைகள் இன்னொன்றிலும், முடிந்தவை மூன்றாவதிலும் இருக்கட்டும்.

நடப்புத் தாளில் ஒரு வேலைக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாடிக்கையாளர் இரண்டு வேலைகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரிகள் எழுத வேண்டும். வாடிக்கையாளர் பெயர், முதல் தொடர்பு வந்த தேதி, எந்த வழியில் வந்தார், என்ன வேலை, நிலை, தொகை, அடுத்து செய்ய வேண்டியது, அதற்கான தேதி ஆகிய எட்டுப் பத்திகளுக்கு மேல் வேண்டாம். பத்திகள் கூடக் கூட, நிரப்பச் சலிப்பு ஏற்பட்டு இரண்டாவது வாரத்திலேயே தாள் கைவிடப்படும்.

நிலை என்னும் பத்தியில் நீங்கள் செய்ததை எழுதாமல், வாடிக்கையாளர் செய்ததை எழுதுங்கள். 'முன்மொழிவு அனுப்பினேன்' என்பது உங்கள் உழைப்பை மட்டுமே சொல்கிறது. அவர் அதைத் திறந்து பார்த்தாரா என்பதுகூட அதிலிருந்து தெரியாது. விசாரித்தார், தேவையைச் சொன்னார், முன்மொழிவு கிடைத்ததை உறுதி செய்தார், ஒப்புக்கொண்டார், முன்பணம் கொடுத்தார் என்று ஐந்து நிலைகள் வைத்தால், ஒவ்வொரு வேலையும் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது விளங்கும். முழுப் பணமும் வந்த பிறகோ, அவர் வேண்டாம் என்ற பிறகோ, முன்மொழிவின் கெடு தாண்டியும் பதில் வராதபோதோ மட்டுமே அந்த வரி முடிந்தவை தாளுக்குப் போக வேண்டும்.

எட்டுப் பத்திகளில் மிக முக்கியமானது கடைசியில் உள்ள தேதி. நடப்புத் தாளில் இருக்கும் எந்த வரிக்கும் அது காலியாக இருக்கக் கூடாது. அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாலும், பதில் வராவிட்டால் நீங்கள் எந்த நாளில் கேட்பீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். காலையில் வேலை தொடங்கும்முன் அன்று யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதைக் கீழ்க்காணும் சூத்திரமே எடுத்துக் கொடுக்கும். தாளின் பெயர் 'நடப்பு' என்றும், வாடிக்கையாளர் பெயர் A பத்தியிலும் தேதி H பத்தியிலும் இருப்பதாகவும் கொண்டு இதை எழுதியிருக்கிறேன். தனியாக ஒரு தாளில் போட்டுக்கொள்ளலாம்.

```
=FILTER('நடப்பு'!A2:H200,('நடப்பு'!A2:A200<>"")*('நடப்பு'!H2:H200<=TODAY()))
```

தேதி காலியாக உள்ள கட்டத்தைச் சூத்திரம் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதால், நீங்கள் தேதி எழுத மறந்த வரிகளும் இந்தப் பட்டியலில் வந்து நிற்கும். எக்செலின் பழைய பதிப்புகளில் இந்தச் சூத்திரம் இல்லை. அங்கே முழு வரிகளையும் H பத்தியின் தேதி வரிசையில் அடுக்கினாலே போதும்.

ஒரு வேலையை முழுவதும் தொடர்ந்து பார்ப்போம். 3ஆம் தேதி ஒருவர் விசாரிக்கிறார். 5ஆம் தேதி பேசித் தேவையைக் கேட்டறிகிறீர்கள். 8ஆம் தேதி 1,20,000 தொகைக்கு முன்மொழிவு அனுப்புகிறீர்கள். அதிலேயே இது 21 நாட்களுக்குச் செல்லும் என்று எழுதுங்கள். அந்தக் கெடுதான் பின்தொடர்வதற்குக் காரணம் கொடுக்கிறது. 11ஆம் தேதி, கிடைத்ததா என்று மட்டும் கேட்கிறீர்கள். 17ஆம் தேதி, ஏதேனும் ஓர் அம்சத்தைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டுமா என்று கேட்கிறீர்கள். பதில் இல்லையென்றால் 26ஆம் தேதி, இந்தத் தொகை 29 வரை மட்டுமே செல்லும் என்று நினைவூட்டுகிறீர்கள். அதன் பிறகும் மௌனம் என்றால் 30ஆம் தேதி வரியை முடிந்தவைக்கு நகர்த்திவிடுங்கள். மனம் வராதுதான், ஆனாலும் உயிரற்ற வரிகள் நடப்பில் தங்கினால், வரப்போகும் பணம் என்று நீங்கள் நினைக்கும் தொகை பொய்யாகிவிடும். அவர் பின்னர் வந்தால் புதிய வரி தொடங்கலாம்.

அவர் 19ஆம் தேதியே ஒப்புக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இந்த இடத்தில் தாளை மூடிவிடுகிறார்கள். உங்கள் மாதக் கடைசிச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது என்று கருதுகிறேன். ஒப்புதல் கிடைத்த அன்றே தவணைத் தாளில் மூன்று வரிகளை எழுதுங்கள்: முன்பணம் 48,000, முதல் வரைவுக்கு 36,000, இறுதிக் கோப்புகளுக்கு 36,000. ஒவ்வொன்றின் எதிரிலும் எது நடந்தால் அந்தப் பணம் சேரும், இன்வாய்ஸ் எண், அனுப்பிய தேதி, செலுத்த வேண்டிய தேதி, வந்த தேதி, வந்த தொகை ஆகியவை இருக்கட்டும். வந்த தொகைக்குத் தனிப் பத்தி வேண்டும். ஏனென்றால் வங்கிக் கட்டணமோ வரிப் பிடித்தமோ போக இன்வாய்ஸில் உள்ளதைவிடக் குறைவாகப் பணம் வருவதுண்டு, அந்த வித்தியாசம் அன்றே தெரிந்தால்தான் காரணம் கேட்க முடியும்.

இப்போது மூன்றாவது வரியில் செலுத்த வேண்டிய தேதியை நிரப்ப முயலுங்கள். 'வாடிக்கையாளர் இறுதி ஒப்புதல் தந்த பின்' என்று உங்கள் முன்மொழிவு சொன்னால், அந்தக் கட்டத்தை நிரப்பவே முடியாது. அவர் ஒப்புதல் தராமலேயே வீடியோவைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். 36,000 எந்த நாளிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும். இது மறதியால் வந்த பாக்கி இல்லை, முன்மொழிவின் வாசகத்திலேயே உள்ள ஓட்டை. இறுதிக் கோப்புகளை அளித்த 7 நாட்களுக்குள் திருத்தம் எதுவும் எழுத்தில் வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும், அதிலிருந்து 10 நாட்களில் பணம் செலுத்தப்பட வேண்டும் என்று முன்மொழிவிலேயே எழுதினால், கோப்புகளை அனுப்பும் அன்று தேதியும் தானாகக் கிடைத்துவிடும். ஆகவே அடுத்த முன்மொழிவை அனுப்பும்முன், தவணை வரிகளை ஒத்திகையாக நிரப்பிப் பாருங்கள். நிரப்ப முடியாத கட்டம் இருந்தால் வாசகத்தைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.

தவணைகள் எழுதிய பிறகு நடப்புத் தாளின் 'அடுத்த தேதி' என்பது அடுத்த இன்வாய்ஸ் அனுப்பும் நாளோ, செலுத்த வேண்டிய நாளுக்கு மறுநாளோ ஆகும். கெடு தாண்டிய மறுநாளே இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதுவது யாரையும் புண்படுத்தாது. ஒரு மாதம் பொறுத்துக் கேட்கும்போதுதான் இரு பக்கமும் சங்கடப்படுகிறது.

இனி, வரவை எதிர்பார்ப்பது பற்றி. முடிந்தவை தாளில் போதிய வரிகள் சேர்ந்ததும், அனுப்பிய முன்மொழிவுகளில் எத்தனை பணமாயின என்று எண்ணலாம். 20இல் 6 என்றால் 30 சதவீதம். நிலுவையில் 1,50,000, 60,000, 40,000 என மூன்று முன்மொழிவுகள் இருந்தால், மொத்தம் 2,50,000இல் 30 சதவீதமாக 75,000 வரும் என்று கணக்கிடத் தோன்றும். ஆனால் இந்த மூன்றும் எப்படி முடிந்தாலும் சரியாக 75,000 வரப்போவதில்லை. மூன்றும் கைவிட்டுப் போனால் ஒன்றுமே வராது. எத்தனை புதிய விசாரிப்புகளைத் தேட வேண்டும் என்று முடிவு செய்வதற்கு அந்த விகிதத்தைப் பயன்படுத்துங்கள். செலவைத் திட்டமிட, தவணைத் தாளில் தேதியுடன் உள்ள தொகையை மட்டும், அதிலும் முன்பணம் வந்துவிட்ட வேலைகளுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு, கடந்த 60 நாள் மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் புரட்டி, உயிரோடு இருக்கும் வேலைகளை மட்டும் நடப்புத் தாளில் ஏற்றுங்கள். வேலை முடிந்தும் பணம் வராதவற்றைத் தவணைத் தாளில் முதலில் எழுதி, இன்வாய்ஸே அனுப்பாதவை இருந்தால் அவற்றை அன்றே அனுப்பிவிடுங்கள்.